ஞாயிறு இரவு 9 மணி வரை மட்டும்

தீபாவளி முடிந்ததும், வீட்டில் நகை செய்து விற்பவர்களிடம் பட்டு நூல் ஜிமிக்கிகள் தேங்கிவிடும். புடவை நிறம் பார்த்துச் செய்த நகை, அடுத்த சீசன் வரை காத்திருந்தால் நூல் மங்கும், பசை தெரியும். தள்ளுபடி போடலாம்தான். அதற்கு முன் கணக்கு வேண்டும்.

ஒரு ஜோடி 180 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நூல், மணி, பெட்டி எல்லாம் சேர்த்து 55, கூலி 50. கூலியை விட்டுவிட்டுக் கணக்குப் போடுபவர்களே அதிகம். 30 சதவீதம் குறைத்தால் விலை 126, மிஞ்சுவது 21. கூடவே ‘கூரியர் இலவசம்’ என்று போட்டு 50 ரூபாயை நாமே கட்டினால், ஜோடிக்கு 29 ரூபாய் கையைக் கடிக்கும். மூன்று ஜோடி ஒரே பார்சலில், அதே 50 ரூபாயில் போகுமென்றால் 13 ரூபாயாவது நிற்கும். ஆகவே, மூன்று எடுப்பவர்களுக்கு மட்டும் கூரியர் இலவசம்.

இப்போது அறிவிப்பை எழுதலாம்:

“படத்தில் உள்ள 40 ஜோடி பட்டு நூல் ஜிமிக்கி மட்டும். ரூ.180 இப்போது ரூ.126. நவம்பர் 9, 2025 ஞாயிறு இரவு 9 மணிக்குள் பணம் வந்து சேர்ந்த ஆர்டர்கள் மட்டுமே. கூரியர் ரூ.50, 3 ஜோடிக்கு இலவசம். முதலில் பணம் அனுப்புபவருக்கே அந்த எண். மாற்றித் தர இயலாது. உடைந்து வந்தால், பார்சல் பிரிக்கும் வீடியோ காட்டினால் பணம் திரும்பும். தண்ணீர் படக்கூடாது.”

‘இந்த வாரம் மட்டும்’ என்று எழுதினால் போதாதா? போதாது. வாட்ஸ்அப்பில் ஒருவர் அனுப்பியது பத்து நாள் கழித்து இன்னொரு குழுவில் வந்து நிற்கும். எந்த வாரம் என்று யாருக்குத் தெரியும்? தேதி, கிழமை, மணி மூன்றும் இருக்கட்டும். ‘பணம் வந்து சேர்ந்த’ என்பதும் காரணத்தோடுதான். “அக்கா, எனக்கு எடுத்து வைங்க” என்று சனிக்கிழமை சொல்லிவிட்டு, புதன்கிழமை விலை கேட்பவர்கள் உண்டு. ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல் வங்கிக் கணக்கைப் பார்த்த பிறகே அந்த எண்ணின் மேல் ‘விற்றது’ என்று போட வேண்டும். தாமதித்தால் ஒரே ஜோடியை இருவருக்கு விற்றுவிடுவோம்.

180 என்பது உண்மையிலேயே விற்ற விலையாக இருக்க வேண்டும். முதல் நாள் 250 என்று ஏற்றி, மறுநாள் குறைப்பது பழைய வாடிக்கையாளருக்கு உடனே தெரிந்துவிடும். ‘இன்னும் 2 மட்டுமே’ என்று பொய்யாக அவசரப்படுத்துவதை, இணைய விற்பனைக்காக 2023-இல் வந்த மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் ஏமாற்று உத்திகளில் ஒன்றாகவே சேர்த்திருக்கின்றன.

பாதி விற்காமல் நின்றாலும் ஞாயிறு இரவு கெடுவை நீட்டக்கூடாது. நீட்டினால் அவசரமாகப் பணம் கட்டியவர்கள் அடுத்த முறை காத்திருப்பார்கள். மிஞ்சியதைச் சில வாரம் ஒதுக்கி வைத்து, பொங்கலுக்கு முன் வளையலோடு சேர்த்து செட்டாக விற்கலாம். 9.10-க்குப் பணம் அனுப்பியவருக்கு? 180 என்று சொல்லி, வேண்டாமென்றால் அன்றிரவே திருப்பி அனுப்பிவிட வேண்டும்.