திரவப் பளிங்கு காட்டும் ஒளியும் இருளும்

கணிப்பானின் முகப்பில் தோன்றும் கரிய இலக்கங்கள் மின்னழுத்தம் பெற்ற இடங்களிலேயே தோன்றுகின்றன. ஆதலால் மின்சாரமே கருமையை உண்டாக்குகிறது என எண்ணத் தோன்றும். உண்மை வேறு. ஒளிக்கு வழிகாட்டி நின்ற ஒன்றை அப்பணியினின்று விலக்குவதே மின்சாரத்தின் வேலை.

சாதாரண ஒளி தான் செல்லும் வழிக்குக் குறுக்காக எல்லாத் திசைகளிலும் அதிர்கிறது. முனைவாக்கித் தகடு ஒரு திசை அதிர்வை மட்டும் விட்டு, எஞ்சியதை விழுங்கிவிடும். ஏறத்தாழப் பாதி ஒளி இங்கேயே போய்விடுகிறது. இரண்டாவது தகடொன்றை முதலாவதற்குச் செங்குத்தாக வைத்தால் மீதி ஒளியும் தடைப்பட்டு இருள் தோன்றும்.

இவ்விரு தகடுகளுக்கிடையே இரு கண்ணாடிகளும், அவற்றின் நடுவே சில மைக்கிரோமீற்றர் தடிப்பான திரவப் பளிங்கும் உள்ளன. இதன் மூலக்கூறுகள் சிறு கோல்களை ஒத்தவை. கண்ணாடிகளின் உட்புறப் பூச்சை மென்துணியால் ஒரு திசையில் தேய்த்துவிட்டால், அவற்றையடுத்த கோல்கள் அத்திசையிலேயே படுக்கும். மேற்கண்ணாடியைக் கிழக்கு மேற்காகவும் கீழ்க்கண்ணாடியைத் தெற்கு வடக்காகவும் தேய்த்தால், இடையிலுள்ள கோல்கள் சுழற்படிகள் போலச் சிறிது சிறிதாகத் திரும்பி 90 பாகையை எட்டும். திருப்பம் போதிய அளவு மெதுவாக அமைந்திருப்பின் ஒளியின் அதிர்வும் கூடவே திரும்பும். இரண்டாவது தகடு அதனைத் தடுக்காது, வெளிச்சம் தெரியும்.

கண்ணாடிகளின் உட்புறத்தில் ஒளிபுகும் இண்டியம் தகர ஒட்சைட்டுப் படலம் மின்வாயாக அமைந்துள்ளது. அதற்குச் சில வோல்ற் கொடுத்தவுடன் நடுவிலுள்ள கோல்கள் ஒளியின் வழியே நிமிர்கின்றன. படிகள் குலைந்தமையால் ஒளி திரும்பாமற் சென்று தடைப்படுகிறது. கண்ணாடியை ஒட்டிய கோல்களோ நிமிர்வதில்லை. மின்னழுத்தம் நீங்கியதும் அவையே மற்றவற்றைப் பழைய நிலைக்கு இழுத்து வருகின்றன. குறைந்த அழுத்தத்திற் கோல்கள் அரைகுறையாகச் சாயும். அப்போது சாம்பல் நிறம் கிடைக்கும்.

கணிப்பானில் 8 என்னும் இலக்கம் ஏழு கோடுகளால் ஆனது. அதனை 1 ஆக்க, வலப்புறத்து இரு கோடுகளை விட்டு ஏனைய ஐந்திலும் மின்னழுத்தத்தை நீக்கினாற் போதும்.

இவ்வமைப்பை 1970இல் சுவிற்சர்லாந்தின் பாசெல் நகரில் மார்ட்டின் ஷாட், வொல்ஃப்காங் ஹெல்ஃப்ரிச் என்போர் கண்டனர். சாதாரண வெப்பநிலையிற் கெடாது நிற்கும் தகுந்த பளிங்கை இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் கிரே குழுவினர் 1973இல் வெளியிட்டனர். அப்பளிங்குக்கும் நேரோட்டம் ஆகாது. நெடுநேரம் கொடுத்தால் திரவம் சிதைவுறும். கோல்கள் நேர், எதிர் என்ற வேறுபாட்டைப் பொருட்படுத்தாமையால், அழுத்தத்தின் திசையைச் செக்கனுக்குப் பல தடவை மாற்றிக்கொண்டே இருப்பர்.

இவ்வகைக் கணினித் திரையில் ஒரு புள்ளிக்கு மின்தொடர்பு அறுந்துபோனால், கரிய படத்தின் நடுவே அது மட்டும் ஒளிர்ந்துகொண்டிருப்பதைக் காணலாம்.