க்ரீம் பெயரில் எந்தச் சொல் வாடிக்கையாளர் மனதில் நிற்கிறது? 'ஹேண்ட்சம்' வழக்கு சொல்லும் விடை

ஹைதராபாத்: விற்பனையில் உள்ள சருமப் பராமரிப்புப் பொருளின் வரிசையில் புதிய க்ரீம் ஒன்றைச் சேர்க்கும்போது, அதற்கு என்ன பெயர் சூட்டுவது என்பது விளம்பரத் துறையின் கவலை மட்டுமல்ல. பெயர் தவறினால் வாங்குபவர் குழம்புவார். விவகாரம் நீதிமன்றம் வரை செல்லும். இதற்கு ஹிந்துஸ்தான் யூனிலீவர், இமாமி நிறுவனங்களுக்கு இடையே நடந்த பெயர்ப் போட்டி தெளிவான எடுத்துக்காட்டாகும்.

கடையில் பெயர் எப்படிக் கேட்கப்படுகிறது?

பயிற்சி மையங்களும் விடுதிகளும் நிறைந்த ஹைதராபாத்தின் அமீர்பேட்டில் தெலுங்கு, உருது, இந்தி, தமிழ் என வெவ்வேறு மொழி பேசுவோர் ஒரே கடையில் பொருள் வாங்குகின்றனர். இத்தகைய இடத்தில் அட்டைப்பெட்டியில் உள்ள முழுப் பெயரை யாரும் படித்துச் சொல்வதில்லை. நினைவில் தங்கிய ஒரு சொல்லையோ, டியூபின் நிறத்தையோ சொல்லித்தான் கேட்பர்.

சட்டமும் இதையே அளவுகோலாகக் கொள்கிறது. 'அம்ரித்தாரா', 'லக்ஷ்மண்தாரா' என்ற இரு மருந்துப் பெயர்கள் தொடர்பான வழக்கில் 1962ஆம் ஆண்டு தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இரு பெயர்களையும் அருகருகே வைத்து ஒப்பிடக் கூடாது, சராசரி அறிவும் அரைகுறை நினைவும் கொண்ட வாடிக்கையாளரின் நிலையில் இருந்தே பார்க்க வேண்டும் எனத் தெளிவுபடுத்தியது.

ஒரு சொல் மாறியது, ஒரு சொல் நின்றது

1975ஆம் ஆண்டு அறிமுகமான 'ஃபேர் அண்ட் லவ்லி' க்ரீமின் பெயரில் இருந்து 'ஃபேர்' என்ற சொல்லை நீக்குவதாக, நிறப் பாகுபாடு குறித்த விமர்சனங்களுக்கு இடையே 2020 ஜூன் மாதம் ஹிந்துஸ்தான் யூனிலீவர் அறிவித்தது. ஜூலை மாதம் புதிய பெயர் 'குளோ அண்ட் லவ்லி' என அறிவிக்கப்பட்டது. முதல் சொல் மட்டுமே மாறியது. பல ஆண்டுகள் பழகிய 'லவ்லி' அப்படியே இருந்ததால், இது அதே பொருள்தான் என்பதை வாடிக்கையாளரால் அடையாளம் காண முடிந்தது.

சிக்கல் ஆண்களுக்கான க்ரீமில் எழுந்தது. அதே வரிசைக்குப் பொருந்தும் வகையில் அதற்கு 'குளோ அண்ட் ஹேண்ட்சம்' எனப் பெயரிடப்பட்டது. குடும்பத்திற்குள் பார்த்தால் இப்பெயர் கச்சிதமானது. ஆனால் 'ஹேண்ட்சம்' என்ற சொல்லை, இமாமி நிறுவனம் 2005ஆம் ஆண்டு முதலே 'ஃபேர் அண்ட் ஹேண்ட்சம்' என்ற பெயரில் ஆண்களிடையே பிரபலப்படுத்தியிருந்தது. இமாமியும் 'குளோ' என்ற சொல்லுடன் புதிய பெயரை அறிவிக்க, மோதல் தொடங்கியது.

இரு நீதிமன்றங்கள், இரு கேள்விகள்

'குளோ அண்ட் ஹேண்ட்சம்' என்ற முழுப் பெயரை முதலில் கையில் எடுத்தது யார் என்ற கேள்வியில், 2018 செப்டம்பரிலேயே விண்ணப்பித்திருந்த ஹிந்துஸ்தான் யூனிலீவருக்குச் சாதகமாக 2020 ஆகஸ்ட் மாதம் மும்பை உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது.

ஆனால் 2024 ஏப்ரலில் இமாமியின் வழக்கை விசாரித்த கல்கத்தா உயர் நீதிமன்றம், பெயரின் முதன்மையான கூறு 'ஹேண்ட்சம்' என்றே கருதியது. ஒருவரது பொருளை மற்றவரது பொருளாக எண்ணி வாங்க நேரிடும் என்பதால், அப்பெயரைப் பயன்படுத்த ஹிந்துஸ்தான் யூனிலீவருக்குத் தடை விதித்தது. 2025ஆம் ஆண்டு இமாமியும் தனது க்ரீமின் பெயரை 'ஸ்மார்ட் அண்ட் ஹேண்ட்சம்' என மாற்றியது. அங்கும் மாறியது முதல் சொல் மட்டுமே.

சிறு தயாரிப்பாளர் கவனிக்க வேண்டியவை

பகல் க்ரீம் விற்கும் ஒருவர் இரவு க்ரீமை அறிமுகப்படுத்துவதாகக் கொள்வோம். குடும்பப் பெயர் இரண்டிலும் ஒரே இடத்தில், ஒரே எழுத்து வடிவில் இருக்க வேண்டும். வேறுபடுத்தும் சொல்லோ முதல் ஒலியிலேயே மாறுபட வேண்டும். 'குளோ', 'குளோரி' என வைத்தால் கடைக்காரரே மாற்றிக் கொடுக்க வாய்ப்புண்டு. 'இரவு க்ரீம்' என்ற விளக்கம் தனி வரியில் தெளிவாக இடம்பெற வேண்டும். விளக்கச் சொல்லையே பெயராக்கினால் அதற்குத் தனியுரிமை கிடைப்பது கடினம்.

பின்னர், அழகுப் பொருட்களுக்கான 3ஆம் வகுப்பில் அதே பெயரோ, ஒலியில் நெருங்கிய பெயரோ உள்ளதா என வர்த்தக முத்திரைப் பதிவேட்டில் தேட வேண்டும். முழுப் பெயரை மட்டும் தேடினால் போதாது; ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே தேட வேண்டும். தெலங்கானாவில் உள்ளோரின் விண்ணப்பங்கள் சென்னைப் பதிவகத்தின் வரம்பில் வருகின்றன. இணையவழியில் விண்ணப்பிக்க, ஒரு வகுப்பிற்கு தனிநபர் மற்றும் சிறு நிறுவனங்களுக்கு ரூ.4,500, மற்றவர்களுக்கு ரூ.9,000 கட்டணம். பெயர் இதழில் வெளியானதும் 4 மாதங்களுக்குள் எவரும் ஆட்சேபிக்கலாம்.

அட்டைப்பெட்டியை அச்சிடும் முன், பெயரை ஒருமுறை மட்டும் சிலரிடம் சொல்லி, மறுநாள் கடையில் கேட்பதுபோல் கேட்கச் சொல்லலாம். அவர்கள் உச்சரிப்பது வேறொரு நிறுவனத்தின் சொல்லாகவோ, அதே நிறுவனத்தின் பழைய க்ரீமாகவோ இருந்தால், அந்தப் பெயரைக் கைவிடுவதே நல்லது.