படுத்துக்கிடக்கும் குட்டிச் சாடி

பிளெண்டரில் 20 செ.மீ. உயரப் பூச்சாடி ஒன்றை வரைகிறோம். ஓபிஜே கோப்பாகச் சேமித்து, 3டி அச்சுக்குத் தயார் செய்யும் ஸ்லைசரில் திறந்தால் தட்டு காலியாகத் தெரிகிறது. நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு புள்ளி. அதுவும் நிமிர்ந்து நிற்காமல் படுத்துக்கிடக்கிறது.

வரைந்ததில் பிழை இல்லை. ஓபிஜே வெறும் எழுத்துக் கோப்பு, நோட்பேடிலேயே திறக்கலாம். சாடியின் விளிம்பிலுள்ள ஒரு புள்ளி அதில் இப்படி இருக்கும்:

```
v 0.040000 0.200000 -0.030000
```

மூன்று எண்கள், அவ்வளவுதான். 0.2 என்றால் மீட்டரா, மில்லிமீட்டரா? கோப்பு சொல்வதில்லை. பிளெண்டர் மீட்டரில் எழுதியது. ஸ்லைசரோ எல்லாவற்றையும் மில்லிமீட்டராகவே படிக்கும். 20 செ.மீ. சாடி 0.2 மி.மீ. ஆகிவிடுகிறது. வழக்கமான அச்சு முனையின் துளையே 0.4 மி.மீ. என்பதால், அதை அச்சிடவே முடியாது. பிளெண்டர் திரையில் அளவை மில்லிமீட்டரில் காட்டச் சொல்வதாலும் பயனில்லை. காட்டும் விதம்தான் மாறும், உள்ளிருக்கும் எண் மாறாது.

இனி, ஏன் படுத்தது? உயரமான 0.2 அந்த வரியில் இரண்டாவது இடத்தில், அதாவது ஒய் அச்சில் இருக்கிறது. மேசைமேல் விரித்த வரைபடத்தில் எக்ஸ், ஒய் இரண்டும் தரையோடு போக, உயரம் இசட் ஆகும். பிளெண்டரும் ஸ்லைசரும் இந்த வழக்கத்தைச் சேர்ந்தவை. எதிரே நிற்கும் திரையிலோ ஒய் மேல்நோக்கியும் இசட் ஆழத்திலும் போகும். மாயா, யூனிட்டி போன்றவை அந்த வழி. பிளெண்டரின் ஓபிஜே ஏற்றுமதி, யாரும் மாற்றாதவரை, இந்த இரண்டாவது வழக்கப்படிதான் எழுதும்.

ஏற்றுமதிப் பெட்டியில் Scale என்பதில் 1000, Forward Axis என்பதில் Y, Up Axis என்பதில் Z என்று வைத்தால் இரண்டும் சரியாகிவிடும். கோப்பு ஏற்கெனவே கையில் இருந்தால், ஸ்லைசரிலேயே ஆயிரம் மடங்கு பெரிதாக்கி, எக்ஸ் அச்சில் 90 பாகை திருப்பலாம். பிறர் தந்த கோப்பு என்றால், உண்மை அளவு தெரிந்த ஒரு பாகத்தை அளந்து பாருங்கள். ஆயிரம் மடங்கு வித்தியாசம் மீட்டரையும், 25.4 மடங்கு அங்குலத்தையும் காட்டிக்கொடுக்கும். 3எம்எஃப் வடிவம் அலகையும் கோப்பிலேயே எழுதி வைப்பதால், அச்சுக்கு நான் அதையே சிபாரிசு செய்வேன்.

மேலே உள்ள வரியில் மூன்றாவது எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி இருக்கிறதே, அதை விட்டுவிடக் கூடாது. ஒய்யையும் இசட்டையும் வெறுமனே இடம் மாற்றி, குறியை மாற்றாமல் விட்டால் சாடி நிமிர்ந்துவிடும். ஆனால் கண்ணாடி பிம்பமாகிவிடும். உருண்டையான சாடியில் அது கண்ணுக்கே படாது. அதில் ஒரு பெயரைப் பொறித்திருந்தால் எழுத்துகள் இடவலம் மாறித் தெரியும். எப்படித் திருப்பினாலும் அது நேராகாது. ஏதாவது ஓர் அச்சில் மிரர் செய்தாக வேண்டும்.