முதல் கீ கிடைத்ததும் நிற்காதீர்கள்

டிபிஎம்எஸ் செமஸ்டர் தேர்வுக்குப் படிப்பு விடுமுறை விட்டதும், ஒரு பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் மாணவர்களுக்குக் கடிதம் ஒன்று எழுதினார். முதல் யூனிட்டிலிருந்து வரிசையாகப் புரட்ட வேண்டாம் என்றே அது தொடங்கியது. அப்படிப் புரட்டுபவர்களுக்கு அறிமுகப் பாடத்தின் வரையறைகளிலேயே பொழுது போய்விடுகிறது. வரையறைகளைக் கடைசி நாள் மாலையில்கூடப் பார்க்கலாம், நார்மலைசேஷன் கணக்கு அப்படி வசப்படாது என்பது அவர் வாதம்.

எனவே முதல் நாள் நார்மலைசேஷனுக்கு. பழைய வினாத்தாளை எடுத்து, நோட்டை மூடிவைத்துப் போட்டுப் பார்க்கச் சொல்கிறார். எங்கே சறுக்குகிறது என்பதை ஒரு கணக்கிலேயே காட்டுகிறார்.

ஒரு டேபிளில் தெரு, ஊர், பின்கோடு என்று மூன்று அட்ரிபியூட்கள். தெருவும் ஊரும் தெரிந்தால் பின்கோடு தெரியும். பின்கோடு தெரிந்தால் ஊர் தெரியும். (நிஜத்தில் ஒரே பின்கோட்டில் பல கிராமங்கள் இருக்கும். அந்த உலக அறிவைத் தேர்வு அறைக்கு வெளியே விட்டுவிட வேண்டும். கேள்வியில் உள்ள விதிகள் மட்டுமே கணக்கு.)

பெரும்பாலோர் தெரு, ஊர் இரண்டும் சேர்ந்தது கேண்டிடேட் கீ என்று கண்டுபிடித்ததும் நிறுத்திவிடுவார்கள். ஆனால் தெருவையும் பின்கோட்டையும் எடுத்துக் குளோஷர் போட்டால், பின்கோடு ஊரைக் கொண்டுவந்துவிடும்; மூன்றும் கிடைத்துவிடும். ஆக, அதுவும் ஒரு கீ. இதைத் தவறவிடாமலிருக்க ஒரு வழி உண்டு. எந்த விதியின் வலப்பக்கத்திலும் வராத அட்ரிபியூட் எல்லாக் கீயிலும் இருந்தே ஆக வேண்டும். இங்கே அது தெரு. அதோடு மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தால் எந்தக் கீயும் விட்டுப்போகாது.

இரண்டு கீயும் தெரிந்த பிறகுதான் விடை சரியாக வரும். மூன்று அட்ரிபியூட்களும் ஏதோ ஒரு கீயில் இருப்பதால் டேபிள் மூன்றாம் நார்மல் ஃபார்மில் இருக்கிறது. பின்கோடு தனியாகக் கீ ஆகாது. ஆனாலும் ஊரைத் தீர்மானிக்கிறது. அதனால் பிசிஎன்எஃப் இல்லை. பின்கோடு–ஊர், தெரு–பின்கோடு என்று பிரித்தால் பிசிஎன்எஃப் வந்துவிடும், தகவலும் தொலையாது. ஆனால் முதல் விதியை இனி ஒரே டேபிளில் சரிபார்க்க முடியாது. இந்த இழப்பையும் விடையில் எழுதச் சொல்கிறார் பேராசிரியர்.

அடுத்த நாள் எஸ்கியூஎல். இதை வாசித்துப் பயனில்லை, கணினியில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்கிறார். குறிப்பாக `NOT IN`. உள்ளே இருக்கும் கேள்வி ஒரே ஒரு `NULL` தந்துவிட்டாலும் வெளியே ஒரு வரிகூட வராது. `NULL`-உடன் ஒப்பிட்டால் விடை உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை. அந்த இடத்தில் `NOT EXISTS` எழுதினால் எதிர்பார்த்த வரிகள் வரும்.