விழுந்த வைக்கோலும் கதைதான்

நம் பழைய கதைகளில் குருவிக் கூடு பெரும்பாலும் உடைவதற்கென்றே வருகிறது. பஞ்சதந்திரத்தின் மித்திரபேதத்தில், மதம்பிடித்த யானை ஒன்று கிளையை முறிக்கிறது. குருவித் தம்பதியின் முட்டைகள் நொறுங்குகின்றன. பிறகு மரங்கொத்தியும் ஈயும் தவளையும் கூட்டுச் சேர்ந்து யானையைத் தீர்த்துக்கட்டுகின்றன. இன்னொரு கதையில், மழையில் நடுங்கும் குரங்குக்குப் புத்தி சொல்லப்போன குருவி, தன் கூட்டையே பறிகொடுக்கிறது. இரண்டிலும் கூடு ஏற்கெனவே கட்டி முடிந்திருக்கிறது. அதைக் கட்டிய பாடு கதைக்குள் வருவதே இல்லை.

வராததற்குக் காரணம் உண்டு. உடைப்பது ஒரு நொடியில் நடந்துவிடுகிற சம்பவம். கட்டுவதோ போவதும் வருவதுமாக ஒரே வேலை. அதில் கதை பண்ணுவது கஷ்டம். அதனால்தான் பொறுமையையும் கூடி உழைப்பதையும் சொல்லித்தர இரண்டு குருவிகளைக் கூடு கட்டவிடும் சிறுவர் கதைகளில், எழுதுகிறவர் அவசரப்பட்டு ஒரு குருவியைச் சோம்பேறி ஆக்கிவிடுகிறார். மற்றது உழைக்கிறது, மழை வருகிறது, சோம்பேறி அழுது மன்னிப்புக் கேட்கிறது. யார் நல்ல குருவி, யார் கெட்ட குருவி என்று குழந்தை இரண்டாவது வரியிலேயே கண்டுபிடித்துவிடும். அதற்குப் பிறகு கதையில் பொறுமைக்கு இடமே இல்லை.

படங்களில் இன்னொரு குழப்பம். கதை சிட்டுக்குருவியைப் பற்றியதாக இருக்கும். படத்தில் பனையோலையிலிருந்து சுரைக்குடுவை மாதிரிக் கூடு தொங்கும். அது தூக்கணாங்குருவியின் கூடு. அங்கே பின்னல் வேலை முழுக்க ஆணுடையது. பாதி கட்டியதும் பெண் வந்து பார்க்கும். பிடித்தால்தான் ஆண் மீதியைக் கட்டி முடிக்கும். பிடிக்காத கூடு அப்படியே கைவிடப்படுவதும் உண்டு. அருமையான கதைதான், ஆனால் அது பெண் பார்க்கும் கதை. சேர்ந்து உழைக்கும் கதைக்கு நம் வீட்டுச் சிட்டுக்குருவியே பொருத்தம்.

தொண்டையில் கருப்புப் பட்டை உள்ளது ஆண். சுவரோட்டை, ஓட்டுச் சந்து, சாமி படத்தின் பின்புறம், மீட்டர் பெட்டியின் மேல்பக்கம் என்று ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு அதுதான் முதலில் கத்த ஆரம்பிக்கும். பெண் வந்து பார்த்து ஒத்துக்கொண்டால் இரண்டுமாகச் சுமக்கத் தொடங்கும். ஆரம்பத்தில் ஆணின் பங்கு சற்று அதிகம். சிட்டுக்குருவிக்குப் பின்னத் தெரியாது, திணிக்கத்தான் தெரியும். முரட்டு வைக்கோலும் காய்ந்த புல்லும் முதலில், பஞ்சும் இறகும் கடைசியில். குழிவான நடுப்பகுதியைத் தன் உடம்பாலேயே அழுத்திச் செய்துகொள்ளும். அடித்தளம் எங்காவது சிக்கிக்கொள்ளாதவரை கொண்டுவருவதெல்லாம் கீழே விழும். முற்றத்துச் சுவரடியில் வைக்கோல் குவிந்து கிடந்தால், மேலே வேலை தொடங்கிவிட்டது, இன்னும் நிற்கவில்லை என்று அர்த்தம். வீட்டம்மா அதைக் குப்பை என்று பெருக்கித் தள்ளுவார்.

கதைக்கான முடிச்சு இந்தக் குப்பையிலேயே இருக்கிறது. வில்லன் தேவையில்லை. நான் சொன்னால் இப்படிச் சொல்வேன்:

ஒரு ஊர்ல ஒரு ஆண்குருவியும் ஒரு பெண்குருவியும் இருந்துச்சாம். ஒரு வீட்டுத் தாழ்வாரத்துல, சுவத்துல மாட்டின படத்துக்குப் பின்னாடி இடம் பாத்துச்சாம். ஆண்குருவி ஒரு வைக்கோல் கொண்டு வந்துச்சாம். வெச்சுச்சாம். விழுந்துச்சாம். பெண்குருவி ஒரு வைக்கோல் கொண்டு வந்துச்சாம். வெச்சுச்சாம். விழுந்துச்சாம். சாயங்காலம் வரைக்கும் இப்படியே. மறுநாள் காலையில அந்த வீட்டுப் பாட்டி வந்து எல்லாத்தையும் பெருக்கிட்டாங்களாம்.

"பஞ்சை வெச்சா ஒட்டிக்கும்"னு ஆண்குருவி பஞ்சு கொண்டு வந்துச்சாம். காத்து வந்து அதைத் தூக்கிட்டுப் போயிடுச்சாம். "நீ இங்கேயே இரு, நான் போய் வர்றேன்"னு பெண்குருவி கிளம்புச்சாம். ஏன்னா பக்கத்து வீட்டுக் குருவி இவங்க வைக்கோலைத் திருடுது! ஒண்ணு காவல், ஒண்ணு சுமை. அப்புறம் மாத்தி மாத்தி. அப்பவும் வெச்சுச்சாம், விழுந்துச்சாம்.

மூணாம் நாள் பாட்டி பெருக்கும்போது துடைப்பத்துல இருந்து சின்னதா ஒரு ஈர்க்குத் துண்டு ஒடிஞ்சு விழுந்துச்சாம். பெண்குருவி அதைக் கொத்திட்டுப் போயி படத்துக்கும் சுவத்துக்கும் நடுவுல செருகுச்சாம். ஆண்குருவி ஒரு வைக்கோல் கொண்டு வந்துச்சாம். வெச்சுச்சாம்...

இங்கே நிறுத்த வேண்டும். நம் ஊரில் கதை கேட்கிற குழந்தைக்கு ஒரு கடமை உண்டு: 'ம்' கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் கதை நகராது. முதல் இரண்டு முறை 'விழுந்துச்சாம்' என்பதைக் கேட்டுச் சிரித்த குழந்தை, மூன்றாம் முறை தானே முந்திக்கொண்டு அதைச் சொல்லும். நான்காம் முறை "எப்பத்தான் நிக்கும்?" என்று நெளியும். அந்த நெளிவுதான் இந்தக் கதையில் பொறுமை இருக்கிற இடம். அதைக் குழந்தைக்கு விளக்க வேண்டியதில்லை, அனுபவிக்கவிட்டால் போதும். சொல்கிறவர் களைத்துப்போய் மூன்று சுற்றை ஒரு சுற்றாகச் சுருக்கினால் ஈர்க்கு நின்றதில் எந்தச் சந்தோஷமும் இருக்காது. ஐந்து வயதுக்கு மூன்று நான்கு சுற்று சரியாக இருக்கும். எட்டு வயதுக்கு அவ்வளவு தாங்காது. அங்கே திருட்டுக் குருவிக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் கொடுக்கலாம். கூட்டுக்கான பொருளைப் பக்கத்துக் கூட்டிலிருந்து உருவிக்கொண்டு போவது சிட்டுக்குருவிகளிடம் நிஜமாகவே உள்ள பழக்கம். ஒன்று காவல் இருக்க ஒன்று போவது என்ற ஏற்பாட்டுக்குக் கதையில் அதுவே காரணமாகிறது. "ஒற்றுமையாக இருக்க வேண்டும்" என்று யாரும் சொல்லாமலே இரண்டு பேர் ஏன் வேண்டும் என்று குழந்தைக்குப் புரிந்துவிடும்.

ஒரே ஒரு சலுகை எடுத்துக்கொண்டிருக்கிறேன். எந்தப் பொருளை முதலில் வைப்பது என்று குருவிகள் இப்படி யோசித்துப் பேசி முடிவெடுப்பதில்லை; கொண்டுவந்ததில் எது சிக்கி நிற்கிறதோ அதன்மேல் அடுத்தது சேர்கிறது, அவ்வளவுதான். ஆனால் பேசாத குருவியை எந்தக் குழந்தை கேட்கும்?

பாட்டி பாத்திரத்தைக் கெட்டவராக்கும் ஆசை வரும், வேண்டாம். அவர் தினமும் செய்கிற வேலையைத்தான் செய்கிறார். கூட்டைக் கலைப்பதும் அந்தத் துடைப்பம்தான், ஈர்க்கைத் தருவதும் அதுதான். கேட்கிற குழந்தை மறுநாள் வீட்டில் துடைப்பத்தைத் தேடிப் போய் ஓர் ஈர்க்கை உருவினால் திட்டாதீர்கள்.

முடிவுதான் சிக்கல். "கூடு கட்டி முடிச்சுச்சாம், சந்தோஷமா இருந்துச்சாம்" என்று வாய் தானாக வரும். சிட்டுக்குருவி அப்படி முடிப்பதில்லை. முட்டையிட்ட பிறகும் இறகும் நாரும் கொண்டுவந்துகொண்டே இருக்கும். பெரும்பாலும் 3 முதல் 5 முட்டை. இரண்டும் மாறி மாறி அடைகாக்கும், பெண் சற்று அதிக நேரம். 11 முதல் 14 நாளில் குஞ்சு பொரியும். அப்புறம் இரண்டு வாரம் புழு, பூச்சி என்று இரை சுமப்பு. தானியம் தின்கிற பறவையே குஞ்சுக்குப் பூச்சிதான் தேடித் தருகிறது. குஞ்சுகள் பறந்ததும் பல ஜோடிகள் அதே கூட்டில் புது வைக்கோல் சேர்த்து அடுத்த ஈட்டுக்குத் தயாராகும்.

ஆகவே "அப்புறம்?" என்று குழந்தை கேட்டால் பதில் கைவசம் இருக்கிறது: அப்புறம் ஆண்குருவி இன்னொரு வைக்கோல் கொண்டு வந்துச்சாம். தூக்கம் வரும்வரை இழுக்கலாம்.