பொறுக்க ஒரு திரை, படிக்க ஒரு திரை

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனங்களில் மெர்ச்சண்டைசராக இருப்பவர்களின் வேலையில் பாதி மெயிலில்தான் நடக்கிறது. ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ இருக்கும் பையர், தன் ஊர் மாலையில் அனுப்பிய மெயில்கள் எல்லாம் இங்கே விடிவதற்குள் வந்து குவிந்திருக்கும். சாம்பிளில் கழுத்துப்பட்டி அரை சென்டிமீட்டர் அகலம் என்று ஒன்று, லேப் டிப்பில் நீலம் சரியில்லை என்று இன்னொன்று. நடுவே டையிங் யூனிட்டின் பதில், கப்பல் ஏஜெண்டின் நினைவூட்டல், ஐந்தாறு விளம்பரம். இவற்றில் எதற்கு முதலில் கை வைப்பது என்பதைக் காலை முதல் அரை மணி நேரத்துக்குள் முடிவு செய்தாக வேண்டும்.

அந்த அரை மணி நேரத்தை மெயில் மென்பொருளின் திரை அமைப்பு நீட்டவும் செய்யும், குறைக்கவும் செய்யும். பெரும்பாலானோர் நிறுவியபோது எப்படி இருந்ததோ அப்படியே ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கிறார்கள். இலவசமாகக் கிடைக்கும் தண்டர்பேர்டை உதாரணமாக எடுத்துக்கொண்டு, ஒரு மெர்ச்சண்டைசரின் மடிக்கணினியில் இதை எப்படிச் சீர்செய்யலாம் என்று பார்ப்போம். அவுட்லுக்கிலும் ஜிமெயிலிலும் பெயர்தான் மாறும். சங்கதி ஏறக்குறைய ஒன்றே.

மெயில் மென்பொருளின் திரையில் மூன்று பகுதிகள் இடத்துக்குப் போட்டி போடுகின்றன. ஃபோல்டர் வரிசை, மெயில் பட்டியல், தேர்ந்தெடுத்த மெயில் விரியும் படிக்கும் பகுதி. தண்டர்பேர்டில் Alt விசையை அழுத்தினால் மேலே மெனு வரும். அதில் View → Layout என்று போனால் மூன்று அமைப்புகள் தெரியும். Classic View-வில் இடது ஓரம் முழுக்க ஃபோல்டர்கள், வலப்பக்கம் மேலே பட்டியல், அதன் கீழே மெயில். Vertical View-வில் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் மூன்று பத்திகளாக நிற்கும். Wide View-வில் ஃபோல்டரும் பட்டியலும் மேல்பாதியைப் பங்கிட்டுக்கொள்ள, கீழ்ப்பாதியின் முழு அகலமும் மெயிலுக்குப் போய்விடும்.

எது நல்லது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. திரையின் அளவும், வரும் மெயில்களின் வடிவமும்தான் முடிவு செய்யும். முதலில் திரையை அளந்துகொள்வோம். விலை குறைந்த மடிக்கணினிகள் பலவற்றில் திரை 1366 × 768 பிக்சல். ‘ஃபுல் ஹெச்டி’ என்று சொல்லி விற்ற 1920 × 1080 திரையிலும் எழுத்து பெரிதாகத் தெரிவதற்காக விண்டோஸ் 150 சதவீதப் பெருக்கம் வைத்திருந்தால், மென்பொருளுக்குக் கிடைப்பது 1280 × 720 அளவுக்கான இடம்தான். விலை அதிகம் கொடுத்து வாங்கியவர் திரையில் இடம் குறைவாக இருப்பது இதனால்தான்.

1366 பிக்சல் அகலத்தில் Vertical View வைக்கிறோம் என்று கொள்வோம். ஃபோல்டருக்கு 200, பட்டியலுக்கு 420 போனால் மெயிலுக்கு ஏறக்குறைய 740 மிஞ்சும். விளம்பர மெயில்களையும் வங்கி அறிவிப்புகளையும் வடிவமைப்பவர்கள் வெகுகாலமாகவே 600 பிக்சல் அகலத்தை ஒட்டித்தான் வடிவமைக்கிறார்கள். அவை இதில் சிரமமில்லாமல் அடங்கும். ஆனால் மெர்ச்சண்டைசருக்கு வரும் முக்கியமான மெயில் அந்த ரகம் இல்லை. பையர் எக்செலிலிருந்து அப்படியே ஒட்டி அனுப்பும் அளவு அட்டவணை அது. எஸ், எம், எல், எக்ஸ்எல் என்று பத்துப் பன்னிரண்டு பத்திகள். 740 பிக்சலில் அதன் வலது முனை மறைந்துபோகும். குறிப்புரை எழுதும் பத்தி வழக்கமாக அந்தக் கடைசி முனையில்தான் இருக்கும்.

பட்டியலிலும் இதே தொல்லை உண்டு. `FW: Boys round neck tee - PP sample comments - PO 48213` என்று ஒரு மெயில் வருகிறது. 420 பிக்சல் பத்தியில், அனுப்பியவர் பெயருக்கும் தேதிக்கும் போக மிச்ச இடத்தில் தெரிவது `FW: Boys round…` மட்டுமே. அதே பையருக்கு அதே ரகச் சட்டையில் நான்கு ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தால் நான்கு மெயிலும் பட்டியலில் ஒரே மாதிரி தெரியும். எந்த ஆர்டர் என்று சொல்லும் எண் வாலில் இருக்கிறது, வால் வெட்டுப்பட்டுவிட்டது.

தண்டர்பேர்டின் 115ஆம் பதிப்பு 2023 ஜூலையில் வந்தபோது இதற்கென்றே கார்டு வடிவம் ஒன்றைக் கொண்டுவந்தது. அனுப்பியவர் ஒரு வரியிலும் தலைப்பு அடுத்த வரியிலுமாக, குறுகிய பத்திக்குத் தோதாக அமையும். தலைப்புக்கு இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்கும் என்பது உண்மை. விலை, உயரத்தில் போகிறது: ஒரு வரியில் முடிந்த மெயில் இரண்டு வரியை எடுத்துக்கொள்ளும்.

ஆகவே நம் மெர்ச்சண்டைசருக்குப் பொருந்துவது Wide View. அகலமான அட்டவணை முழுதாகத் தெரியும், பட்டியலில் தலைப்பும் வால் வரை தெரியும். கைவிட வேண்டியது உயரத்தை. 768 பிக்சலில் டாஸ்க்பாரும் கருவிப்பட்டைகளும் போக 600 மிஞ்சும் என்று வைத்துக்கொண்டால், பட்டியலுக்குப் பாதி, 300. ஒரு வரிக்கு 30 பிக்சல் என்றால் பத்து மெயில்கள்தான் ஒரே நேரத்தில் கண்ணில் படும். நூறு மெயில் வந்திருக்கும் காலையில் இது போதாது.

இங்கேதான் F8 விசை உதவுகிறது. அதை ஒருமுறை அழுத்தினால் படிக்கும் பகுதி மறைந்து, முழு உயரமும் பட்டியலுக்கு வந்துவிடும். மறுபடி அழுத்தினால் திரும்பி வரும். மெயில்களைப் பொறுக்குவதும் படிப்பதும் இரண்டு தனி வேலைகள். பொறுக்கும்போது தேவை அனுப்பியவர், தலைப்பு, தேதி, உள்ளடக்கம் இல்லை. காலையில் படிக்கும் பகுதியை மூடிவிட்டுப் பட்டியலை மட்டும் ஓட்டி, வேண்டாததை நீக்கி, அவசரமானதற்கு நட்சத்திரம் போட்டுவிட்டு, பிறகு F8 அழுத்திப் படிக்க உட்காரலாம்.

இடவசதி தவிர இன்னொரு காரணமும் உண்டு. கொஞ்சம் விவகாரமான காரணம். படிக்கும் பகுதி திறந்திருக்கும்போது ஒரு மெயிலை நீக்கினால், அடுத்த மெயில் தானாகத் தேர்வாகித் தானாகவே விரிகிறது. விரிந்த கணமே ‘படித்தாயிற்று’ என்று தண்டர்பேர்டு குறித்துவிடும். தடித்த எழுத்து மெல்லிய எழுத்தாகிவிடும். நீக்கியவரின் கவனம் அதற்குள் வேறெங்கோ போயிருக்கும். “அந்த மெயில் எனக்கு வரவே இல்லையே” என்று அலுவலகங்களில் கேட்கும் பேச்சுக்குப் பின்னால் இப்படியும் ஒரு காரணம் இருக்கலாம். மெயில் வந்தது, மென்பொருள் அதைப் படித்த கணக்கில் சேர்த்தது, மனிதர் பார்க்கவில்லை.

உங்கள் கணினியிலும் இப்படி நடக்கிறதா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. உங்களுக்கே இரண்டு மெயில் அனுப்புங்கள். முதலில் வருவதைத் தேர்ந்து நீக்கிவிட்டு, அடுத்ததன் தடித்த எழுத்து என்ன ஆகிறது என்று பாருங்கள். மெலிந்தால் Settings → General பக்கத்தில் ‘Automatically mark messages as read’ என்ற இடத்துக்குப் போய், உடனடியாக என்றிருப்பதை மாற்றி, இத்தனை வினாடி காட்டிய பிறகு என்று வைக்கலாம். ஐந்து வினாடி பலருக்கும் போதும். அதிகம் வைத்தால், உண்மையில் படித்து முடித்த இரண்டு வரி மெயிலும் படிக்காததாகவே நிற்கும். பழைய வகை அவுட்லுக்கில் இதே ஏற்பாடு Options-க்குள் Reading Pane என்ற பொத்தானில் இருக்கிறது. அங்கே வழக்கமாக இருப்பது வேறு விதி: மெயிலை விட்டு அடுத்ததற்கு நகரும்போது படித்ததாகக் குறிக்கும். ஜிமெயிலில் படிக்கும் பகுதியை இயக்கினால் 1, 3, 20 வினாடி என்று தேர்வுகள் உண்டு. ‘ஒருபோதும் வேண்டாம்’ என்பதும் உண்டு.

ஃபோல்டர் வரிசைக்கு வருவோம். Wide View-வில் அதற்கும் பாதி உயரம்தான். பையருக்கு ஒன்று, பருவத்துக்கு ஒன்று என்று நாற்பது ஃபோல்டர் வைத்திருப்பவர், தேடுகிற ஒன்றைக் காண உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நாற்பதில் இந்த மாதம் உயிரோடு இருப்பவை ஆறோ ஏழோதான். அவற்றின்மேல் வலது கிளிக் செய்து Favorite Folder என்று குறித்துவிட்டு, வரிசையின் மேலே இருக்கும் மூன்று புள்ளிகளை அழுத்தி, Folder Modes-இல் Favorite Folders-ஐ மட்டும் விட்டால் போதும். மற்றவை எங்கும் போகாது. கண்ணில் படாது, அவ்வளவே. ஷிப்மெண்ட் போனதும் குறியை எடுத்துவிடலாம். கூடவே Unread Folders-ஐயும் தேர்ந்துகொண்டால் படிக்காதவை உள்ள ஃபோல்டர்கள் தனியாகக் கீழே வரும்.

இந்த எண்ணிக்கையை நம்புவதற்கு முன் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். பையரின் மெயிலைத் தனி ஃபோல்டருக்கு அனுப்பும் விதியைச் சில அலுவலகங்கள் மெயில் சர்வரிலேயே எழுதி வைக்கின்றன. கணக்கு ஐமேப் முறையில் இயங்கினால், தண்டர்பேர்டு வழக்கமாக இன்பாக்ஸை மட்டுமே புதிய மெயிலுக்காகப் பார்த்துவரும். சர்வரில் நேரே உள் ஃபோல்டருக்குப் போன மெயில், அந்த ஃபோல்டரை யாராவது சொடுக்கும்வரை எண்ணிக்கையில் ஏறாமலே இருக்கக்கூடும். ஃபோல்டரின் Properties-ஐத் திறந்து, ‘When getting new messages for this account, always check this folder’ என்ற கட்டத்தில் குறியிட்டால் தீர்ந்தது. கைபேசியில் தெரியும் மெயில் கணினியில் தாமதமாகத் தெரிகிறதென்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

மிச்சம் இருப்பது நெருக்கம். தண்டர்பேர்டின் மூன்று கோடு மெனுவில் Density என்ற இடத்தில் Compact, Default, Relaxed என மூன்று அளவுகள் உண்டு. வரி 30 பிக்சலிலிருந்து 22க்கு இறங்கினால், 600 பிக்சல் உயரத்தில் 20 மெயிலுக்குப் பதில் 27 தெரியும். பொறுக்கும் வேலைக்கு இது உண்மையான லாபம். ஆனால் இந்த நெருக்கம் பட்டியலோடு நிற்காது. ஃபோல்டர் வரிசையும் சேர்ந்து நெருங்கிவிடும். மெயிலை இழுத்து ஒரு ஃபோல்டரில் போடும் பழக்கம் உள்ளவர்கள், டச்பேடில் விரல் சறுக்கிப் பக்கத்து ஃபோல்டரில் போட்டுவிடுவது இதன் பக்கவிளைவு. போட்ட உடனே கவனித்தால் Ctrl+Z மீட்டுத் தரும். கவனிக்காவிட்டால் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதுதான்.

நெருக்கம் வேறு, எழுத்தின் அளவு வேறு. இரண்டுக்கும் அதே மெனுவில் தனித்தனி இடம் இருக்கிறது. Compact வைத்ததும் கண் வலிக்கிறது என்று சொல்பவர்களில் பலருக்குக் குறை எழுத்தில்தான். வரிகளை நெருக்கமாகவே விட்டு, எழுத்தை மட்டும் ஒரு படி ஏற்றிப் பார்க்கலாம்.

கடைசியாக, பட்டியலில் எந்தெந்தப் பத்திகள் இருக்கவேண்டும் என்பது தண்டர்பேர்டில் ஃபோல்டருக்கு ஃபோல்டர் தனி. இன்பாக்ஸில் தேவையில்லாத பத்திகளை நீக்கித் தலைப்பை அகலமாக்கிவிட்டு அடுத்த ஃபோல்டருக்குப் போனால் அங்கே பழைய கோலமே இருக்கும். செய்தது அழிந்துவிட்டதென்று பலர் இந்த இடத்தில் விட்டுவிடுகிறார்கள். பட்டியலின் தலைவரி வலது முனையில் பத்திகளைத் தேர்ந்தெடுக்கும் சின்னம் இருக்கிறது. அதை அழுத்தி, ‘Apply columns to…’ வழியாக ஒரு ஃபோல்டரையும் அதன் உள் ஃபோல்டர்களையும் தேர்ந்தால், அத்தனைக்கும் ஒரே அமைப்பு வந்துவிடும். புதிய பையருக்கென்று பிறகு திறக்கும் ஃபோல்டர் பழைய கோலத்தில் இருந்தாலும் இதே வழிதான்.