அளவாய்வுக் கட்டுரையில் மாதிரித் தெரிவு, பதில் வீதம், எடையிடல்: விளாங்குடியை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

அளவாய்வை அடிப்படையாகக் கொண்ட தமிழ் ஆய்வேடுகளின் நெறிமுறை இயலில் “எளிய சமவாய்ப்பு முறையில் 300 வினாநிரல்கள் வழங்கப்பட்டு 270 பெறப்பட்டன” என்னும் வகைத் தொடர் அடிக்கடி காணப்படுகிறது. எந்தப் பட்டியலிலிருந்து அந்த முந்நூறு பேர் எடுக்கப்பட்டனர் என்பது அத்தொடரில் இல்லை. பட்டியல் இன்றிச் சமவாய்ப்பு இல்லை. ஒரு குறிப்பிட்ட வீடு தெரிவாவதற்கு இருந்த நிகழ்தகவைப் படிப்பவர் தாமே கணக்கிட இயலுமா என்பதே நெறிமுறை இயலுக்கான சோதனை. பதில் வீதமும் எடையும் அந்த நிகழ்தகவிலிருந்தே கிளைக்கின்றன.

சட்டகமும் எல்லையும்

மதுரை மாநகராட்சியில் வீட்டாய்வு செய்வோர் முதலில் எதிர்கொள்ளும் சிக்கலுக்கு விளாங்குடி நல்ல சான்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பிப்ரவரியில் நடந்தபோது விளாங்குடி தனிப் பேரூராட்சியாக இருந்தது. அதே ஆண்டில் பின்னர் மாநகராட்சி 72 வார்டுகளிலிருந்து 100 வார்டுகளாக விரிந்தபோது ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம் ஆகிய நகராட்சிகளுடனும் வேறு சில ஊர்களுடனும் அதுவும் மாநகராட்சிக்குள் வந்தது. கணக்கெடுப்பில் மாநகராட்சியின் மக்கள்தொகை 10,17,865. விரிந்த எல்லைக்கு அது 14 இலட்சத்தைத் தாண்டும். எனவே “மதுரை மாநகராட்சி, கணக்கெடுப்பு 2011” என்று மட்டும் எழுதினால், விளாங்குடி உள்ளே இருந்ததா வெளியே இருந்ததா என்பதைப் படிப்பவரால் அறிய இயலாது. சட்டகத்தின் ஆண்டோடு எல்லையின் ஆண்டையும் குறிப்பது இதனால் கட்டாயமாகிறது.

அடுத்த புதிய கணக்கெடுப்பின் தொகுதிகள் கிடைக்கும் வரை 2011-இன் கணக்கெடுப்புத் தொகுதிகளை நகர ஆய்வுகளுக்குச் சட்டகமாகக் கொள்ளலாம். ஐந்தாம் தேசியக் குடும்பநல அளவாய்வும் (2019–21) அதையே பயன்படுத்தியது. ஆனால் அது பழைய எண்ணிக்கையை அப்படியே நம்பிவிடவில்லை. தெரிவான ஒவ்வொரு தொகுதியிலும் வரைபடமிட்டு, வீடுகளைப் புதிதாகப் பட்டியலிட்டு, அப்பட்டியலிலிருந்து 22 வீடுகளைச் சீரான இடைவெளியில் எடுத்தது. இந்தப் புதுப்பட்டியலின் பயன் கீழ்வரும் கணக்கில் புலப்படும். இதிலுள்ள எண்கள் விளக்கத்திற்காகக் கற்பிக்கப்பட்டவை.

மாநகராட்சியில் புதிதாகச் சேர்ந்த பகுதிகள் ஓர் அடுக்கு எனவும், 2011 கணக்குப்படி அதில் 50,000 வீடுகள் எனவும் கொள்வோம். வீட்டெண்ணிக்கைக்கு ஏற்ற நிகழ்தகவில் 10 தொகுதிகள் தெரிவாகின்றன. அவற்றுள் ‘அ’ விளாங்குடியில் மனைப்பிரிவுகளும் அடுக்குமாடிகளும் எழுந்த தொகுதி. ‘ஆ’ பெரிதும் மாறாத தொகுதி. 2011-இல் இரண்டிலும் 125 வீடுகள். ஆகவே ஒவ்வொன்றும் தெரிவாகும் நிகழ்தகவு 10 × 125 / 50,000, அதாவது 1/40.

புதிதாகப் பட்டியலிடும்போது ‘அ’-வில் 300 வீடுகள், ‘ஆ’-வில் அதே 125. ஒவ்வொன்றிலும் 20 வீடுகளை எடுத்தால், ‘அ’-வின் ஒரு வீட்டுக்கு மொத்த நிகழ்தகவு 1/40 × 20/300 = 1/600; ‘ஆ’-வின் வீட்டுக்கு 1/40 × 20/125 = 1/250. அடிப்படை எடை முறையே 600, 250. “தொகுதிதோறும் சம எண்ணிக்கை எடுத்ததால் எடை தேவைப்படவில்லை” என்னும் வழக்கமான வாதம் 2011-க்குப் பின் எதுவும் வளரவில்லை என்றால்தான் பொருந்தும். விளாங்குடி போன்ற புறநகரில் அது பொருந்தாது.

பதில் வீதத்தின் பகுதி

‘அ’-வில் எடுத்த 20 வீடுகளில் 14 பதிலளித்தன, ஒன்று மறுத்தது, 2 ஆளில்லாத வீடுகள் என உறுதியாயின, 3 வீடுகள் மும்முறை சென்றும் பூட்டியே இருந்தன. பதில் வீதம் எவ்வளவு? பூட்டிய வீடுகளை விட்டுவிட்டால் 14/15, அதாவது 93.3 விழுக்காடு. அவற்றிலும் ஆள் வாழ்வதாகக் கொண்டால் 14/18, அதாவது 77.8. நிலை தெரிந்த 17 வீடுகளில் 15-இல் ஆள் இருந்ததை வைத்துப் பூட்டிய மூன்றில் 2.65 வீடுகளில் ஆள் வாழ்வதாக மதிப்பிட்டால் 79.3. மூன்றுமே கணக்காகச் சரி. எது கையாளப்பட்டது என்பதைச் சொல்லாத வீதம் பொருளற்றது. பூட்டிய வீடுகளை விடுவது ஆய்வாளருக்கு இனிக்கும். ஆனால் பகலில் பூட்டியிருப்பவை பெரும்பாலும் கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்லும் வீடுகள்.

பக்கத்து வீட்டை மாற்றாக எடுத்து இருபதையும் நிரப்புவது இதனினும் பெரிய குறை. அப்போது பதில் வீதம் நூறு என்று தோன்றும். தவறியவர்கள் யாவர் என்னும் தடயமும் அழியும். மாதிரி அளவு வட்டமான எண்ணாகவே நிறைவேறியிருக்கும் ஆய்வுகளில் இவ்வையம் எழுவது இயல்பு.

வீட்டுக்குள் தனிநபரையும் நேர்காண்பதாயின் இரண்டு வீதங்கள் வேண்டும். மேற்சொன்ன தேசிய அளவாய்வின் வீட்டுப் பதில் வீதம் 98 விழுக்காடு, ஆண்களின் வீதம் 92. இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 90. ஆண்களைப் பற்றிய அட்டவணைக்கு உரிய எண் அதுவே.

எடையும் அதன் விலையும்

பதிலளிக்காதோரை ஈடுசெய்ய ‘அ’-வின் எடை 600 × 18/14 = 771.4 ஆகிறது. இங்கு 18 என்பது பூட்டிய வீடுகளைச் சேர்த்த எண்ணிக்கை. எனவே இதனுடன் தரப்படும் பதில் வீதமும் 77.8 ஆகவே இருத்தல் வேண்டும். ஒரு பத்தியில் 93.3 என்றும் எடைக்கணக்கில் 18 என்றும் எழுதுவது முரண். ‘ஆ’-வில் இருபதும் பதிலளித்ததால் எடை 250.

ஆய்வுப் பொருள் குடிநீர்க் கேன் வாங்குவது எனக் கொள்வோம். ‘அ’-வில் 14-இல் 7 வீடுகள், ‘ஆ’-வில் 20-இல் 4 வீடுகள் வாங்குகின்றன. எடையிடாமல் 11/34, அதாவது 32.4 விழுக்காடு. எடையிட்டால் 15,800 வீடுகளில் 6,400, அதாவது 40.5. எட்டுப் புள்ளி வேறுபாட்டுக்கு ‘அ’-வின் வளர்ச்சியே முதற் காரணம்.

எடையிடலுக்கும் விலை உண்டு. லெஸ்லி கிஷ் தந்த தோராய வாய்பாட்டில், எடைகளின் வர்க்கக் கூட்டுத்தொகையை மாதிரி அளவால் பெருக்கி, எடைக்கூட்டுத்தொகையின் வர்க்கத்தால் வகுத்தால் இங்கு 1.3 கிடைக்கிறது. அதாவது 34 நேர்காணல்கள் ஏறத்தாழ 26-இன் துல்லியத்தையே தருகின்றன. இதில் தொகுதிக்குள் வீடுகள் ஒன்றையொன்று ஒத்திருப்பதன் விளைவு சேரவில்லை. அது பிழையை மேலும் கூட்டும்.

நெறிமுறை இயலில் இவை சுருக்கமாக இவ்வாறு அமையலாம்:

“சட்டகம் 2011 கணக்கெடுப்புத் தொகுதிகள், எல்லை 2011 விரிவாக்கத்திற்குப் பிந்தைய மாநகராட்சி. சேர்ந்த பகுதிகள் அடுக்கில் 10 தொகுதிகள் வீட்டெண்ணிக்கைக்கு ஏற்ற நிகழ்தகவில் தெரிவாயின. புதுப்பட்டியலிலிருந்து தொகுதிக்கு 20 வீடுகள் சீரான இடைவெளியில் எடுக்கப்பட்டன. மாற்று வீடு எடுக்கப்படவில்லை. மூன்று வருகைக்குப் பின்னும் பூட்டியிருந்தவை தகுதியுடையனவாகக் கொள்ளப்பட்டன. எடை, இருநிலை நிகழ்தகவின் தலைகீழ். தொகுதிவாரியாகப் பதில் வீதத்தால் திருத்தப்பட்டது.”

அட்டவணைகளில் எடையிட்ட விழுக்காட்டின் அருகே எடையிடாத எண்ணிக்கையும் நிற்க வேண்டும். தேசியக் குடும்பநல அளவாய்வு அறிக்கைகளில் 25 முதல் 49 வரையிலான நேர்வுகளைச் சார்ந்த விழுக்காடு அடைப்புக்குறிக்குள் இடப்படும். 25-க்குக் குறைந்தால் எண்ணுக்குப் பதில் உடுக்குறி மட்டுமே. அவ்வழக்கைப் பின்பற்றினால் மேற்கண்ட 40.5 அடைப்புக்குறிக்குள் வரும். ‘அ’ தொகுதிக்கு மட்டுமான 50 விழுக்காடு அச்சேறாது.